விசாலாக்ஷியின் வலது கை

டெல்லியின் ப்ளூலைன் பஸ்ஸில் ஹெலனுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் பாவப்பட்ட ஜன்மங்கள். மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கும் யாராவது ஒருவரின் தோளை உற்றுப் பார்த்துக்கொண்டே, "கையைத் தூக்குறது டெல்டாய்ட் தசை. ஆனா ஆரம்பிச்சு வைக்கிறது சுப்ராஸ்பினேட்டஸ்" என்று முணுமுணுப்பாள். தோளுக்குச் சொந்தக்காரர் தன் சட்டையில் ஏதோ ஊர்கிறதோ என்று தட்டிவிட்டுக்கொள்வார். இன்னும் கொஞ்சம் பயந்த சுபாவம் என்றால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார். ஹெலனுக்கு உட்கார இடம் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

அவள் பைத்தியமில்லை, பிசியோதெரபியில் டிப்ளமோ வாங்கியவள். நாகர்கோவிலிலிருந்து நர்ஸ் வேலைக்கு டெல்லி வந்த அம்மாவுக்குப் பிறந்து, தமிழை வீட்டிலும் ஹிந்தியைத் தெருவிலும் இங்கிலீஷைப் பரீட்சையிலும் பேசி வளர்ந்தவள். கிழக்கு டெல்லியில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. நோயாளியின் முட்டியை மடக்கி நீட்டுவது ஹெலன், கீழே கையெழுத்துப் போடுவது டிகிரிக்காரர். அந்தக் கையெழுத்தின் மேல் அவளுக்கு ஒரு கண். டிப்ளமோக்காரர்கள் டிகிரியில் சேர ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. எந்தத் தசை எதை அசைக்கும், எந்த மூட்டு எப்படித் திரும்பும், உடற்பயிற்சிச் சிகிச்சையின் அடிப்படை விதிகள் என்ன என்று கேட்பார்கள். மூன்று முறைதான் எழுதலாம். ஹெலன் இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். மூன்றாவதும் போனால் ஆயுசு முழுக்க அடுத்தவர் கையெழுத்துக்கு முட்டி மடக்க வேண்டியதுதான்.

தோற்றது பாடம் தெரியாமல் அல்ல. அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது. முதலில் சரியான விடையின் வட்டத்தைப் பென்சிலால் நிரப்புவாள். அப்புறம் உள்ளே ஒரு குரல், "நிச்சயமா?" என்று கேட்கும். ரப்பரை எடுப்பாள். அழித்து, பக்கத்து வட்டத்தைக் கறுப்பாக்குவாள். தப்பு விடைக்கு மார்க் குறைப்பார்கள். வெளியே வந்து புத்தகத்தைப் பார்த்தால் அழித்ததெல்லாம் சரியாக இருக்கும்.

"உன்னை ஃபெயில் பண்ணது யுனிவர்சிட்டி இல்லடி, ரப்பர்" என்பாள் கவிதா. கவிதா மதுரைக்காரக் குடும்பத்துப் பெண். அதே கிளினிக், அதே டிப்ளமோ, அதே பரீட்சை. ஆனால் முதல் தடவை எழுதுகிறவளின் கொழுப்பு.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்து மே மாதம். அந்த மாதத்தைக் கிழக்கு டெல்லிக்காரர்கள் சாகும்வரை மறக்க மாட்டார்கள். குரங்கு மனிதன் வந்திருந்தான். இரும்பு நகம், சிவப்புக் கண், மாடியிலிருந்து மாடிக்குத் தாவுவான் என்றார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு உயரம் சொன்னார்கள். கரண்ட் போனால் மொட்டை மாடியில் பாய் விரித்துத் தூங்கிய ஜனம் வெந்து புழுங்கியபடி வீட்டுக்குள்ளேயே கிடந்தது. பட்டப்பகலில்கூட மயூர் விஹார் ஃப்ளாட்களின் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து முதலில் யாரென்று "கோன்?" வரும், அப்புறம் சங்கிலி வரும், கடைசியில்தான் மூக்கு வரும்.

ராமசுப்ரமணியன் வீட்டில் மட்டும் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்துவிடும். வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு ஹெலனுக்காகக் காத்திருப்பார். கும்பகோணத்துக்காரர், மத்திய சர்க்கார் ஆபீஸில் வேலை, மனைவிக்காக நீண்ட லீவில் இருந்தார். மனைவி விசாலாக்ஷியும் சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். நாற்பத்து மூன்று வயது. போன குளிர்காலத்தில் ஒருநாள் காலை, காஃபி டம்ளரைக் கையில் வாங்கியவள் அப்படியே சரிந்தாள். ஸ்ட்ரோக். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் திரும்பி வந்து, பிடித்துக்கொண்டால் நிற்கிறாள். கையும் பேச்சும் வரவில்லை.

பேச்சு வராதது மட்டுமல்ல. காஃபி வேண்டுமா என்றாலும் தலையாட்டுவாள், வேண்டாமா என்றாலும் அதே மாதிரி ஆட்டுவாள். இடது கையில் பேனாவைக் கொடுத்தால் அழகாக வாங்கி, அழகாக மேசையில் வைத்துவிடுவாள். உள்ளே யார் இருக்கிறார்கள், எவ்வளவு இருக்கிறார்கள் என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை. கட்டிலில் மல்லாந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது சுற்றினாலும் சுற்றாவிட்டாலும்.

ஹெலன் பிற்பகலில் வந்து பாசிவ் மூவ்மென்ட் கொடுப்பாள். நோயாளியின் தசை வேலை செய்யாதபோது, சிகிச்சையாளர் கையால் மூட்டை அதன் முழு வீச்சுக்கும் அசைத்துக் கொடுப்பது. மூட்டு இறுகிப் போகாமல் இருக்கும். இதற்கு விதிகள் உண்டு. நோயாளி தளர்ந்திருக்க வேண்டும், மூட்டுக்கு மேலே உள்ள பாகம் அசையாமல் பிடிக்கப்பட வேண்டும், கீழே உள்ளது தாங்கப்பட வேண்டும், எலும்பின் நீளவாக்கில் லேசாக இழுத்துக்கொள்ள வேண்டும், மெதுவாக, ஒரே சீராகச் செய்ய வேண்டும். இதெல்லாம் பரீட்சையிலும் வரும். ஆகவே ஹெலன் ஒரே கல்லில் வேலையையும் படிப்பையும் முடித்தாள். கையை அசைத்தபடி சத்தமாகத் தன்னையே கேள்வி கேட்டு, சத்தமாகப் பதில் சொல்வாள். குறுக்கே பேசாத பேஷண்ட் கிடைப்பது அந்தத் தொழிலில் லாட்டரி விழுந்த மாதிரி.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. வெளியே லூ என்னும் கோடை அனல்காற்று ஜன்னல் தட்டியில் மணலை அறைந்துகொண்டிருந்தது. ராமசுப்ரமணியன் சமையலறையில் இருந்தார். ஹெலன் தோளை முடித்து, முழங்கையை முடித்து, மணிக்கட்டுக்கு வந்திருந்தாள். இடது கையால் விசாலாக்ஷியின் முன்கையைப் பிடித்து, வலது கையால் உள்ளங்கையைத் தாங்கி, முன்னும் பின்னும் மடக்கினாள். இன்னும் அதிகம் விறைப்பு ஏறாத, துவண்ட கை.

"நாற்காலியில மெதுவா உக்காரும்போது முழங்கால்ல வேலை செய்யிற தசை எது? குவாட்ரிசெப்ஸ்." கொஞ்சம் நிறுத்தினாள். உள்ளே அந்தக் குரல். நிச்சயமா? "இல்ல… முழங்கால் மடங்குதுல்ல. மடக்குறது பின்தொடை. அப்போ ஹாம்ஸ்ட்ரிங்ஸ்."

செத்த விரல்கள் அவள் விரல்களை மூடிப் பிடித்தன.

ஹெலன் அசையவில்லை. விசாலாக்ஷியின் முகத்தைப் பார்த்தாள். முகம் நின்றுபோன மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இமைகூட ஆடவில்லை. விரல்கள் மட்டும், நான்கும் சேர்ந்து, தெருவில் குழந்தையைப் பிடித்து இழுக்கும் தாயைப் போல அவளைப் பிடித்திருந்தன.

"ஆன்ட்டி?" என்றாள். பிறகு, "குவாட்ரிசெப்ஸ்தானா?" என்றாள்.

விரல்கள் விட்டன. ஒன்றன்பின் ஒன்றாக, சோம்பலாக.

விடை குவாட்ரிசெப்ஸ்தான். உட்காரும்போது உடம்பைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. தொபுக்கடீர் என்று விழாமல், நீண்டுகொண்டே பிடித்து இறக்குவது முன்தொடை. எக்சென்ட்ரிக் வேலை என்பார்கள். போன தடவை ஹெலன் இதைத்தான் அழித்தாள்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "காஃபி கலக்கட்டுமா ஹெலன்? பால் திரியறதுக்குள்ள சொல்லு."

"கலக்குங்க அங்கிள்" என்றாள். தன் குரல் தனக்கே யாரோ பக்கத்து ஃப்ளாட்டில் பேசுவது போலிருந்தது.

மறுநாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தாள். நேராக நிற்கும் முழங்காலின் பூட்டை விடுவிக்கும் தசை காஸ்ட்ராக்நீமியஸ் என்றாள். விரல்கள் மூடின. பாப்லிட்டியஸ் என்றாள். திறந்தன. ஒற்றைக் காலில் நிற்கும்போது தூக்கிய பக்கத்து இடுப்பு தொங்கினால் பலவீனம் எந்தப் பக்கம்? "தொங்குற பக்கம்." கை இறுகியது. "நிக்கிற பக்கம், நிக்கிற பக்கம், குளூட்டியஸ் மீடியஸ், விடுங்க ஆன்ட்டி." விட்டது. டைப் அடித்துக் கடிதம் அனுப்பிய அம்மாளுக்கு குளூட்டியஸ் மீடியஸ் எங்கே தெரியும்? உடம்பு வியர்த்தது. அந்த மே மாதத்தில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் இது முதுகுத்தண்டில் மட்டும் ஓடிய வியர்வை.

ஒரே ஒரு இடத்தில் கை குழம்பியது. நெம்புகோல் பாடம் ஹெலன் படிக்காமல் விட்டது. அதிலிருந்து கேட்டபோது விரல்கள் மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை, பாதியில் நின்றன. ஆன்ட்டிக்குக் களைப்பு போல என்று நினைத்துக்கொண்டாள். அங்கேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பயந்தவர்களுக்கு ஒரு வசதி, பாதியைப் பார்த்தால் போதும்.

கிளினிக்கில் கவிதாவிடம் சொன்னபோது அவள் மெழுகு ஒத்தடத் தொட்டியின் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"உன் பேஷண்ட் குரங்கு மனுஷனுக்குக் கூடப்பிறந்த அக்காவாடி?"

"சிரிக்காத. நெஜமா பிடிக்குது."

"அச்சா. அப்போ கொஸ்டின் பேப்பர் எந்த அலமாரில இருக்குன்னு கேட்டு வை. உனக்கு வேணாம்னாலும் எனக்கு வேணும்." சிரித்துவிட்டு, ஹெலனின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "ஏய், ஒழுங்காத் தூங்குறியா?"

தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள். அந்த இரண்டு வாரத்தில் ஹெலன் படித்தது அதற்கு முன் இரண்டு வருஷத்தில் படிக்காதது. விடையைச் சொல்வாள், கை திறந்திருந்தால் அடுத்த கேள்வி. நிச்சயமா என்று கேட்கும் குரல் வாயை மூடிக்கொண்டது. அதைவிடப் பெரிய குரல் ஒன்று வந்துவிட்டதே. பயமும் போகவில்லை. ஆனாலும் முதலில் தோளைத் தொட வேண்டியவள், நேராக மணிக்கட்டுக்குப் போக ஆரம்பித்தாள். பரீட்சை ஹாலுக்கு இந்தக் கையை எப்படி எடுத்துப் போவது என்று ஒருநாள் யோசித்தாள். யோசித்ததை உணர்ந்ததும் கையைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தபோது, வழக்கம் போலப் பயிற்சிக்கு முன் ரத்த அழுத்தம் பார்த்தாள். பாதரசம் நூற்றெண்பதுக்கு மேல் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. போன வாரம் வரை ஒழுங்காக இருந்த அழுத்தம்.

"அங்கிள், மாத்திரை எல்லாம் கரெக்டா குடுக்கிறீங்களா?"

"எல்லாம் குடுக்கறேனே." ராமசுப்ரமணியன் ஜன்னலைப் பார்த்தார். "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை மட்டும் இல்லை. அது வேண்டாமாம்."

"யார் சொன்னது? டாக்டரா?"

"விசாலம்தான் சொன்னா."

ஹெலனின் கையிலிருந்த ரப்பர்க் குழாய் நழுவியது.

அவர் இப்போது அவசரமாகப் பேசினார், பல நாள் அடக்கி வைத்ததைப் போல. "நீ பிடிச்சுண்டு கேள்வி கேக்கறதைப் பாத்துண்டேதான் இருந்தேன். நான் ஒண்ணும் அசடு இல்லை. நீ போனப்புறம் நானும் அதே மாதிரி பிடிச்சுண்டேன். இட்லியா உப்புமாவான்னு கேட்டேன். உப்புமான்னதும் கையை மூடிண்டுட்டா. உப்புமா அவளுக்குப் பிடிக்காதும்மா! அஞ்சு மாசமா உப்புமா போட்டுண்டிருக்கேன், ஒருத்தரும் சொல்லலை. ரேடியோ வைக்கட்டுமான்னேன், ஜன்னல் சாத்தட்டுமான்னேன். எல்லாத்துக்கும் சொல்றா. மாத்திரை வேணுமான்னேன். என் கையை எப்படி இறுக்கிண்டா தெரியுமோ? வலிச்சுது."

"அங்கிள், அது உடம்புத் தண்ணியை மூத்திரமா இறக்கி பிரஷரைக் குறைக்குற மாத்திரை. நிறுத்தக்கூடாது. இன்னொரு ஸ்ட்ரோக் வந்துரும்."

"அவளைக் கேளு. நீயே கேளு."

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டாள். மணிக்கட்டைத் தாங்கி, "ஆன்ட்டி, மாத்திரை வேணும்ல?" என்றாள். கை திறந்தே கிடந்தது. வேண்டும்.

"குடு இப்படி" என்று அவர் வாங்கினார். அதே கேள்வி. விரல்கள் மடங்கி அவர் கையைக் கவ்வின. வேண்டாம்.

மறுபடி ஹெலன். திறந்தது. மறுபடி அவர். மூடியது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார்கள். ஒரே கைக்குள் இரண்டு பேர் இருப்பது போலிருந்தது. இல்லை, ஒருவருமே இல்லாதது போல. விசாலாக்ஷி விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சந்தில் காய்கறி வண்டிக்காரன், "தோரீ, பிண்டி, டமாட்டர்" என்று கூவிக்கொண்டு போனான்.

ஹெலன் டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் கத்திய கத்தலைப் போனைத் தள்ளிப் பிடித்து ராமசுப்ரமணியனும் கேட்கும்படி செய்தாள். மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்து, விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவ வேண்டாம்னு சொல்லியும் குடுக்கறோம்" என்றார். அந்த வாக்கியம் பஸ்ஸில் வீடு வரை அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. கை பொய் சொல்கிறதென்றால் யாரிடம் பொய்? அவரிடமா? அல்லது இத்தனை நாளும் தன்னிடமுமா?

மறுநாள் கிளினிக்கில் காலை நோயாளிகள் போன பிறகு கவிதா கட்டிலில் படுத்துக்கொண்டு கைடைத் திறந்தாள். "கடைசி ரிவிஷன். நான் கேக்குறேன், நீ சொல்ற. உன் ஆவி அம்மா இல்லாம சொல்லணும். பாசிவ் இன்சஃபிஷியன்சின்னா என்ன? உதாரணம் குடு."

"ஒரு தசை ரெண்டு மூணு மூட்டைத் தாண்டிப் போகுதுன்னு வை. எல்லா மூட்டையும் ஒரே நேரத்துல முழுசா நீட்டுற அளவுக்கு அதுக்கு நீளம் பத்தாது. ஒரு மூட்டை இழுத்தா இன்னொண்ணு தானா மடங்கிரும். உதாரணம்… விரலை மடக்குற தசைங்க. கையைக் குடு, செஞ்சு காட்டுறேன்."

"இந்தா, செத்த பொணம் கணக்கா வச்சிருக்கேன்."

ஹெலன் கவிதாவின் முன்கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தாங்கி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கினாள். "மணிக்கட்டு பின்னால போச்சுன்னா தசைநாண் இழுபட்டு, விரல்…"

கவிதாவின் விரல்கள் மெதுவாக மூடி, ஹெலனின் விரல்களைப் பிடித்தன.

கவிதா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி படுத்திருந்தாள். அவள் பிடிக்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை. ஹெலன் மணிக்கட்டை முன்னால் விட்டாள். விரல்கள் திறந்தன. பின்னால் தள்ளினாள். மூடின. முன்னால். பின்னால்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கிற? விடை கரெக்ட்டுதான்" என்றாள் கவிதா கண்ணைத் திறந்து.

"நான்தான்" என்றாள் ஹெலன்.

"என்ன நீதான்?"

"நான்தான் தள்ளியிருக்கேன். தப்பாச் சொல்லும்போதெல்லாம்."

அன்று பிற்பகல் ஒரு மரச்சட்டத்தையும் க்ரேப் பேண்டேஜையும் எடுத்துப் போனாள். விசாலாக்ஷியின் முன்கையிலிருந்து உள்ளங்கை வரை சட்டத்தை வைத்து, மணிக்கட்டு முன்னும் பின்னும் போகாதபடி சுற்றினாள். "இப்ப கேளுங்க அங்கிள்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "விசாலம், மாத்திரை வேண்டாமா?" ஒன்றுமில்லை. "உப்புமா வேணுமா?" ஒன்றுமில்லை. குனிந்து, அவள் காதருகே ஏதோ கேட்டார், ஹெலனுக்குக் கேட்கவில்லை. விரல்கள் தளர்ந்து, யாருடையதும் இல்லாமல் கிடந்தன.

ஹெலன் அவருடைய கையையே வாங்கி, தளர்த்தச் சொல்லி, பின்னால் மடக்கிக் காட்டினாள். தன் விரல்கள் தன்னைக் கேட்காமல் மூடுவதை அவர் பார்த்தார். திறப்பதைப் பார்த்தார். இன்னொரு தடவை என்று கேட்டார், பார்த்தார்.

"அப்போ நான்தான் பேசிண்டிருந்தேனா?"

"வேணும்னு பண்ணல அங்கிள். நமக்கே தெரியாம நம்ம கை தள்ளுது. நானும்தான் பண்ணினேன்."

அப்புறம் மனைவியின் கட்டை அவரே அவிழ்க்க ஆரம்பித்தார். "அந்த மாத்திரை குடுத்தா ராத்திரி நாலு தடவை எழுந்துக்கணும். தூக்கிண்டு பாத்ரூம் போகணும். என் முதுகு…" பேண்டேஜைச் சுருட்டினார், அவிழ்த்தார், மறுபடி சுருட்டினார். "உப்புமாவும் எனக்குத்தான் அலுத்துப் போயிருக்கு போல."

ஹெலன் அன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவருக்கு முதுகைக் காக்கும்படி தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் கழிப்பறை நாற்காலி எங்கே கிடைக்கும் என்று சொன்னாள். விசாலாக்ஷியின் தோள், முழங்கை, மணிக்கட்டு, ஒழுங்கான வரிசையில் அசைத்தாள். விரல்கள் மூடின, திறந்தன. இப்போது அது வெறும் தசைநாண்.

பஸ்ஸில்தான் பயம் வந்தது. பேய் என்றால் கதவைச் சாத்தலாம். இது அப்படியில்லை. நெம்புகோல் தவிர அத்தனை விடையும் அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது. வாய் தப்புச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குள் எவளோ ஒருத்தி, அவளிடம் சொல்லாமல், இன்னொருத்தியின் மணிக்கட்டைத் தள்ளியிருக்கிறாள். அவள் எவ்வளவு நாளாக அங்கே இருக்கிறாள்? கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். அன்று யாருடைய தோளையும் பார்த்து முணுமுணுக்கவில்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் கூட்டம் ஏறி நெருக்கியது.

பரீட்சை ஒரு பள்ளிக்கூட ஹாலில். மேலே விசிறிகள் கடகடவென்று சுற்ற, விடைத்தாள் பறக்காமலிருக்க எல்லோரும் இடது கையால் அழுத்திக்கொண்டு எழுதினார்கள். பாதி தாண்டியதும் அந்தக் கேள்வி வந்தது. பக்கவாட்டில் தூக்கிய கையை நின்றபடி மெதுவாகக் கீழே இறக்கும்போது தோளில் வேலை செய்யும் தசைக் கூட்டம் எது? தூக்குபவை என்று கறுப்பாக்கினாள். டெல்டாய்டும் அதன் கூட்டாளியும், எக்சென்ட்ரிக். சரி.

நிச்சயமா? கை கீழேதானே வருகிறது? இறக்குகிற தசைகள் அல்லவா?

ரப்பரை எடுத்தாள். தாளின் மேல் கொண்டு போனாள். அப்போது கண் எதேச்சையாக இடது பக்கம் போயிற்று. தாளை அழுத்திக்கொண்டிருந்த இடது கையின் மணிக்கட்டு சற்றே பின்னால் மடங்கி நின்றது. விரல்கள் உள்ளே மடங்கி, தாளின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்திருந்தன. அவள் மடக்கவில்லை. யாரோ மறந்து மேசையில் வைத்துவிட்டுப் போன கையைப் போல அதைப் பார்த்தாள்.

"க்யா ஹுவா?" என்று என்ன ஆயிற்றெனக் கேட்டார் மேற்பார்வையாளர்.

"குச் நஹீன் சார்." ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

ரப்பரைப் பைக்குள் போட்டாள். விரல்கள் விட்டன, ஒன்றன்பின் ஒன்றாக. மிச்சப் பரீட்சை முழுக்க ஹெலன் இடது பக்கம் திரும்பவில்லை. முதுகுத்தண்டில் அந்த வியர்வை ஓடிக்கொண்டே இருந்தது. நெம்புகோல் கேள்வி வந்தபோது மட்டும் விடாமல் குத்துமதிப்பாகப் போட்டாள். அதில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, உள்ளே இருப்பவளுக்கும்தான்.

முடிவு ஜூலையில் வந்தது. மழை பெய்து பலகையில் ஒட்டிய தாளெல்லாம் மை கரைந்திருந்தது. கவிதாவின் எண் மேலே, ஹெலனின் எண் ரொம்பக் கீழே, ஆனால் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே. கவிதா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சொல்லு, எந்தத் தசைடி இது?" ஹெலன் சொன்னாள். யோசிக்காமல் சொன்னாள்.

நேராக மயூர் விஹார் போனாள். ராமசுப்ரமணியன் அவள் கையில் ஸ்வீட் டப்பாவைக் கண்டதும் புரிந்துகொண்டு, "அடடே, பாஸா!" என்று கதவை அகலத் திறந்தார். விசாலாக்ஷியைத் தலையணை வைத்து உட்கார்த்தியிருந்தார். அழுத்தம் ஒழுங்காக இருந்தது. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"ஆன்ட்டி, நான் பாஸாயிட்டேன்" என்றாள் ஹெலன், கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு. கையைத் தொடவில்லை. காலேஜ் எங்கே, எத்தனை மணிக்கு, எந்த பஸ், வருஷத்துக்கு எத்தனை பரீட்சை என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். சாயங்காலம் வந்து பயிற்சி கொடுப்பதாகச் சொன்னாள். விசாலாக்ஷி முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், அல்லது கேட்பது போலிருந்தாள். முடிந்ததும் வாயைத் திறந்து, அப்படியொரு கொட்டாவி விட்டாள்.

"பாரு, உன் கதை எவ்வளவு சுவாரஸ்யம்னு" என்று ராமசுப்ரமணியன் சிரிக்கப் போனவர், நிறுத்தினார்.

மடியில் கிடந்த வலது கை எழுந்துகொண்டிருந்தது. முழங்கை மடங்கி, முன்கை மேலே வந்து, மார்புக்கு நேரே அந்தரத்தில் நின்றது. யாரும் தொடவில்லை. ஹெலன் கட்டிலிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தாள், அவர் அலமாரிப் பக்கம் நின்றிருந்தார். வாய் மூடியது. கொட்டாவி அடங்க அடங்க, கையும் தண்ணீரில் மூழ்குவதைப் போல இறங்கி மடியில் படுத்தது.

விசாலாக்ஷியே அதைக் குனிந்து பார்த்தாள்.

"ஹெலன்." அவர் குரல் உலர்ந்திருந்தது. "இப்போ நீ பிடிக்கலையே?"

"இல்ல அங்கிள்."

"நானும் இல்லை. அப்போ இது எந்தத் தசைநாண்?"

ஹெலன் யோசித்தாள். படித்ததையெல்லாம் தேடினாள். உள்ளே இருப்பவளையும் கேட்டாள். அவள் வாயைத் திறக்கவில்லை. "இது சிலபஸ்ல இல்ல அங்கிள்" என்றாள் கடைசியில். "சேர்ந்ததும் முதல்ல இதைத்தான் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"அதுவரைக்கும்?"

அவர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து ஹெலன் பக்கத்தில், மனைவிக்கு எதிரே, உட்கார்ந்தார். சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தத்தோடு, பொய்க் கொட்டாவி ஒன்று விட்டார். கொட்டாவி தொற்றும் அல்லவா. ஹெலன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். விளங்கியதும் அவளும் வாயைத் திறந்தாள். அந்த மழை இருட்டுப் பிற்பகலில் இரண்டு பேரும் கட்டிலுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து, மாறி மாறிக் கொட்டாவி விட்டுக்கொண்டு, விசாலாக்ஷியின் வாயையே பார்த்தபடி காத்திருந்தார்கள்.